வாலட் பேலன்ஸ், கிஃப்ட் வவுச்சர்: நிறுவனம் மூடும்போது பணம் எங்கே போகிறது?

"நான் பயன்படுத்தும் வாலட் ஆப் அடுத்த மாதத்தோடு சேவையை நிறுத்துவதாக மெயில் வந்திருக்கிறது. உள்ளே 4,300 பேலன்ஸ் இருக்கிறது, அதில் கொஞ்சம் கேஷ்பேக். பிறந்தநாளுக்கு நண்பர் கொடுத்த 2,000 மதிப்புள்ள கிஃப்ட் வவுச்சரும் ஒன்று உண்டு. அந்தக் கடை திவால் என்று செய்தி. இரண்டுமே போனதுதானா, இல்லை ஏதாவது வழி இருக்கிறதா?"

இரண்டின் கதியும் ஒன்றல்ல. வாலட்டில் நீங்கள் போட்ட பணம் பெரும்பாலும் திரும்ப வரும், கொஞ்சம் தாமதமாகலாம். வவுச்சரை இந்த வாரமே கடையில் செலவழிக்க முடிந்தால் அதன் முழு மதிப்பும் கிடைக்கும். முடியாவிட்டால் பெரும்பகுதி போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். திவாலான நிறுவனங்களிடம் பாக்கி கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் நுணுக்கத்தில் மாறும். ஆனால் அடிப்படைக் கேள்வி எங்கேயும் ஒன்றுதான்: நீங்கள் கொடுத்த பணம் இப்போது யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது?

வவுச்சரை முதலில் எடுத்துக்கொள்வோம், அதில்தான் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் நண்பர் பணம் கட்டிய நிமிடமே அது கடையின் பணமாகிவிட்டது. கடை அதைச் சரக்கு வாங்கவும் வாடகை கட்டவும் சம்பளம் போடவும் செலவழித்திருக்கும். அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் கட்டாயம் இல்லை. உங்கள் கையில் இருப்பது "பிறகு வந்தால் 2,000-க்குப் பொருள் தருகிறேன்" என்ற வாக்குறுதி மட்டும். அதாவது, உங்களை அறியாமலேயே அந்தக் கடைக்கு நீங்கள் கடன் கொடுத்தவர் ஆகிவிட்டீர்கள், அதுவும் வட்டியில்லாமல், அடமானம் இல்லாமல்.

திவால் என்று செய்தி வந்த பிறகும் கதவு உடனே சாத்தப்படுவதில்லை. நிர்வாகம் கைமாறி, நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒருவரிடம் போகும். வவுச்சரை ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவர் எப்படி யோசிப்பார் என்று தெரிந்தால் நீங்கள் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்பது புரியும். வவுச்சருக்குப் பொருள் கொடுத்தால் சரக்கு குறையும், பெட்டியில் காசு ஏறாது. கடையை மூடி இருப்பதை விற்றுப் பிரிப்பதுதான் திட்டம் என்றால் வவுச்சரை ஏற்பதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. கடையை ஓட்டிக்கொண்டே வேறு ஒருவருக்கு விற்பதுதான் திட்டம் என்றால் கதை வேறு. வாடிக்கையாளர்களைத் துரத்திவிட்ட கடைக்கு நல்ல விலை வராது, அதனால் ஏற்பார்கள்.

இரண்டுக்கும் நடந்த உதாரணங்கள் உண்டு. பிரிட்டனில் ஹெச்எம்வி இசைக் கடைகள் ஜனவரி 2013-ல் திவால் நடவடிக்கைக்குள் போனபோது, முதல் நாளே கிஃப்ட் கார்டு செல்லாது என்று அறிவித்தார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது, ஒரே வாரத்தில் முடிவை மாற்றி ஏற்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்ற கடை பிப்ரவரி 2008-ல் கார்டுகளை நிறுத்தியது. பிறகு, கார்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்குப் பொருள் வாங்கினால் ஏற்கிறோம் என்றது. கார்டு மதிப்பு நூறு என்றால் இருநூறுக்கு வாங்கி, மீதி நூறைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஏமாற்று வேலைபோலத் தெரியும், ஆனால் கணக்குப் பார்த்தால் பாதி விலைக்குப் பொருள் கிடைத்தது, தேவையான பொருளாக இருந்தால் மோசமில்லை. அங்கேயே பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுப்பொருள் கடை ஏப்ரல் 23, 2023 அன்று திவால் மனு போட்டது, மே 8 வரைதான் கிஃப்ட் கார்டை ஏற்றது. கிடைத்தது பதினைந்தே நாள். அந்த நாட்களுக்குள் போனவர்கள் முழு மதிப்பையும் எடுத்தார்கள். "மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்கள் மனுப் போடும் வரிசைக்கு வந்தார்கள்.

எனவே கடை இன்னும் திறந்திருந்தால் இன்றைக்கே போங்கள். பிடித்தது இல்லையென்றாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் பயன்படும் எதையாவது வாங்கிவிடுங்கள். மீதியைப் புது வவுச்சராக எழுதித் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள், முழுத் தொகைக்கும் பொருளாக எடுங்கள். இணையத்தில் வாங்கினால் டெலிவரிக்கு முன்பே கடை மூடிப்போகும் வாய்ப்பு உண்டு, ஆகவே நேரில் போய்க் கையோடு கொண்டுவருவது மேல். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம் என்பதால் அளவும் மாடலும் அங்கேயே சரிபாருங்கள்.

போகும் முன் வவுச்சரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள். "வழங்குபவர்" என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முன்பக்கத்தில் கடையின் லோகோ இருந்தாலும் வழங்கியது வேறு நிறுவனமாக இருக்கலாம். பல கடைகளில் செல்லும் வவுச்சராக இருந்தால், ஒரு கடை மூடியதால் உங்களுக்கு நஷ்டமே இல்லை, அடுத்த கடையில் செலவழிக்கலாம். ஆனால் அந்த வவுச்சரை வழங்கிய நிறுவனமே விழுந்தால், எல்லாக் கடைகளும் ஒரே நாளில் கையை விரிக்கும். பொருளைக் கொடுத்துவிட்டு அவர்கள் பணம் கேட்கப்போவது அந்த நிறுவனத்திடம்தானே. இந்த ஒரு வரியைப் பார்க்காமல், மூடிய கடையின் பெயரில் மனுப் போட்டு, "உங்கள் பாக்கி எங்களுடையது அல்ல" என்று பதில் வாங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதற்குள் சரியான இடத்தில் கேட்க வேண்டிய தேதி தாண்டிப் போயிருக்கும்.

கடையில் செலவழிக்க வழியே இல்லை என்றால் அடுத்தது உரிமைகோரல் மனு. இதில் என்ன கிடைக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். கடையின் சரக்கு, மேசை நாற்காலி, பிராண்டு பெயர் எல்லாம் விற்று 100 லட்சம் வந்தது என்று வையுங்கள். இந்த வேலையை நடத்திய செலவு, வக்கீல், தணிக்கை என்று 10 லட்சம் முதலில் கழியும். சரக்கை அடமானம் பிடித்துக் கடன் கொடுத்த வங்கி 65 லட்சம் எடுக்கும். ஊழியர் சம்பளப் பாக்கியும் சட்டம் முன்னுரிமை தரும் வேறு சிலவும் சேர்ந்து 17 லட்சம். மீதி 8 லட்சம். இதற்குக் கீழே அடமானம் இல்லாதவர்கள் நிற்கிறார்கள்: சரக்கு கொடுத்தவர், கட்டடக்காரர், விளம்பரக் கம்பெனி, அவர்களோடு வவுச்சர் வைத்திருப்பவர்கள். இவர்கள் கேட்பது மொத்தம் 200 லட்சம் என்றால் ஆளுக்கு நூற்றுக்கு நான்கு வரும். உங்கள் 2,000-க்கு 80. அதுவும் எல்லா விற்பனையும் வழக்கும் முடிந்து, இரண்டு மூன்று ஆண்டு கழித்து. எண்கள் நான் வைத்தவை. ஆனால் கடைசி வரிசையில் நிற்பவருக்கு இப்படிச் சில்லறையாக வருவதும், ஒன்றுமே வராததும் சகஜம்.

அந்த வரிசையில் கொஞ்சம் மேலே ஏற முடியுமா என்பதில்தான் சட்டமே தடுமாறுகிறது. அமெரிக்கத் திவால் சட்டத்தில், பொருள் வாங்குவதற்காக முன்பணம் கட்டிய நுகர்வோருக்கு ஒரு வரம்பு வரை முன்னுரிமை உண்டு. கிஃப்ட் கார்டு அந்த "முன்பண"த்தில் சேருமா? டெலவேரில் உள்ள திவால் நீதிமன்றம் 2004-ல் ஒரு வழக்கில் சேரும் என்றது. அதே நீதிமன்றத்தில் வேறொரு நீதிபதி 2016-ல், சிட்டி ஸ்போர்ட்ஸ் என்ற கடையின் வழக்கில், சேராது என்றார். கார்டு வாங்கியதோடு ஒரு விற்பனை முடிந்துவிட்டது, அது முன்பணம் ஆகாது என்பது அவர் வாதம். என் பார்வையில் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் நியாயத்துக்குப் பக்கம். கார்டு வாங்குபவர் பிளாஸ்டிக்கை ஆசைப்பட்டு வாங்கவில்லையே. ஆனால் முன்னுரிமை நிச்சயம் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் உறுதி சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கடைசி நேரத்தில் நிறுவனமே வாடிக்கையாளர் பணத்தைக் காப்பாற்ற நினைத்தாலும் நடக்காமல் போகலாம். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற நிறுவனத்திடம் குடும்பங்கள் மாதாமாதம் பணம் கட்டி, கிறிஸ்துமஸ் சமயத்தில் வவுச்சரும் பரிசுக் கூடையும் வாங்குவார்கள். அக்டோபர் 2006-ல் அது விழுந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. கடைசி நாட்களில் வந்த பணத்தையாவது தனிக் கணக்கில் ஒதுக்க இயக்குநர்கள் முயன்றார்கள். ஆனால் அதில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றத்தில் முடிந்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2012-ல்தான், வெளியிலிருந்து வந்த உதவியையும் சேர்த்து, கட்டியதில் ஏறக்குறைய பாதி அவர்களுக்குக் கிடைக்கும் என்று முடிவானது.

இன்னொரு வழி இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வவுச்சரை கார்டு தேய்த்து வாங்கியிருந்தால், பணம் கட்டிய கார்டின் வங்கியிடம் "சார்ஜ்பேக்", அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கலாம். காசு கொடுத்தும் சேவை கிடைக்கவில்லை என்பது காரணம். இதைக் கேட்க வேண்டியவர் உங்கள் நண்பர், நீங்கள் அல்ல, ஏனென்றால் கார்டு அவருடையது. பரிசு கொடுத்தவரிடம் போய் இதைக் கேட்பது சங்கடம்தான், இருந்தாலும் கேளுங்கள். பொதுவாக 120 நாள் என்ற வரம்பு இருக்கும். அது எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பது கார்டு வலையமைப்பைப் பொறுத்து மாறும், எனவே தாமதிக்க வேண்டாம். ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை.

சரி, வாலட்டுக்கு வருவோம். இங்கே முதலில் ஒரு சோதனை. அந்தப் பேலன்ஸை வைத்து வேறு கடைகளில் பணம் கட்ட முடிகிறதா, வங்கிக் கணக்குக்கு மாற்ற முடிகிறதா? முடிகிறது என்றால் அது அநேகமாக உரிமம் பெற்ற வாலட். அந்த ஆப்புக்குள் மட்டும்தான் செலவழிக்க முடியும் என்றால், பெயர் வாலட் என்று இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது கிஃப்ட் வவுச்சர்தான், மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். டாக்சி, உணவு, துணி ஆப்களின் "வாலட்"டில் பல இந்த ரகம். இந்தியாவில் ஒரு கடை தன் பொருளுக்காக மட்டும் தரும் இப்படிப்பட்ட அட்டைக்கோ வாலட்டுக்கோ ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை, அதனால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

உரிமம் பெற்ற வாலட்டில் நிலைமை நல்லது. வாடிக்கையாளர் போட்ட பணத்தை நிறுவனத்தின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வைக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-ஆம் ஆண்டின் மின்பண விதிமுறை இதைக் கேட்கிறது. இந்தியாவில் வங்கி அல்லாத நிறுவனங்கள் பேலன்ஸுக்கு ஈடான தொகையை ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கில், அதாவது குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டுமே எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் 2015-ல் சேர்த்த 23ஏ பிரிவு ஒரு படி மேலே போகிறது: அந்தக் கணக்கில் உள்ள பணத்தின் மீது முதல் உரிமை, அதிலிருந்து வரவேண்டியவர்களுக்குத்தான். அவர்களுக்கு முழுதும் கொடுத்து முடிக்கும்வரை நிறுவனத்தைக் கலைக்க வந்தவர் அதில் கை வைக்க முடியாது. வங்கிக்கு 65 லட்சம் போன கதை இங்கே இல்லை என்று பொருள்.

அதோடு, உங்களுக்கு வந்த மெயில் திவால் அறிவிப்பு அல்ல, சேவையை நிறுத்தும் அறிவிப்பு. நிறுவனம் இன்னும் இருக்கிறது, ஆட்கள் வேலை செய்கிறார்கள். பேலன்ஸை வங்கிக் கணக்குக்கு மாற்ற ஒரு வாசல் திறந்திருக்கும். அதை இன்றே பயன்படுத்துங்கள். இந்தியாவில், அனுமதி ரத்தான நிறுவனங்களைப் பற்றி அறிவிக்கும்போது, பாக்கி உள்ளவர்கள் ரத்தான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அந்த நிறுவனத்தை அணுகலாம் என்று ரிசர்வ் வங்கி குறிப்பிடுவது வழக்கம். ஆக, நாள் தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. ஆனால் ஆப் ஓடாத பிறகு உங்களை நிரூபிப்பது பெரிய தலைவலி. பழைய போன் எண்ணில் பதிவு செய்திருப்பீர்கள், ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். கே.ஒய்.சி முழுதாக முடித்திருக்க மாட்டீர்கள், பணத்தை மாற்ற விடமாட்டார்கள். ஆப் உயிரோடு இருக்கும்போதே இந்த இரண்டையும் சரிசெய்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் வாலட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தாலே சில இடங்களில் மனு திரும்பி வரும்.

உங்கள் 4,300-ல் கேஷ்பேக் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். நீங்கள் போட்ட பணத்துக்குத்தான் மேலே சொன்ன பாதுகாப்பு உறுதி. வேறு எங்கும் செலவாகாத, "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்று ஒட்டிக்கொண்டு வரும் புள்ளிகளும் சலுகைத் தொகையும் பெரும்பாலும் விளம்பரச் செலவு, அவற்றுக்கு ஈடாக எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. அவற்றை ஆப்பில் இருக்கும்போதே ரீசார்ஜுக்கோ பில்லுக்கோ செலவழியுங்கள். முதலில் எது கழியும் என்பதையும் கவனியுங்கள். சில ஆப்கள் சலுகைத் தொகையை ஒரு பரிவர்த்தனையில் சிறு சதவீதம்தான் பயன்படுத்த விடும்.

தனிக் கணக்கு என்று காகிதத்தில் இருந்தால் போதுமா? போதாது. பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு, 2018 முதல் 2023 நடுப்பகுதி வரை திவாலான பணப்பரிமாற்ற நிறுவனங்களைப் பார்த்தபோது, ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய வாடிக்கையாளர் பணத்தில் சராசரியாக 65 சதவீதம் குறைந்திருந்தது. விதி இருந்தும் இந்த நிலை. அமெரிக்காவில் 2024-ல், ஆப்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் இருந்த சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் திவாலானபோது இன்னொரு விதமான சிக்கல். பணம் வங்கிகளில் இருந்தது, யாருக்கு எவ்வளவு என்ற பேரேடு சினாப்ஸிடம் இருந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. 65 முதல் 96 மில்லியன் டாலர் வரை இடைவெளி என்று பொறுப்பாளர் மதிப்பிட்டார். வங்கி விழவில்லை என்பதால் வைப்புத்தொகைக் காப்பீடும் உதவவில்லை. "உங்கள் பணம் வங்கியில் பாதுகாப்பாக இருக்கிறது" என்று ஆப் எழுதியிருந்தால், அந்தக் காப்பீடு வங்கி விழுந்தால்தான் பேசும், ஆப் விழுந்தால் பேசாது.

சில சமயம் பணம் முழுதாக இருந்தும் கை எட்டாது. ஜெர்மனியின் வயர்கார்ட் என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் ஜூன் 2020-ல் சரிந்தபோது, அதன் பிரிட்டன் கிளையை அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு முடக்கியது. அதை நம்பி இயங்கிய ப்ரீபெய்ட் கார்டுகள் சில நாட்கள் செத்துக் கிடந்தன. பணம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கார்டில் சம்பளம் வாங்கியவர்கள் மளிகை வாங்க முடியாமல் நின்றார்கள். அதனால் வாலட்டில் செலவுக்குத் தேவையானதை மட்டும் வைப்பேன், மாத வரவை வைக்க மாட்டேன்.

இப்போது ஆவணங்கள். பேலன்ஸ் தெரியும் பக்கத்தை, தேதியும் பதிவு எண்ணும் சேர்ந்து வரும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பாக இறக்குங்கள், மூடும் அறிவிப்பு மெயிலை அழிக்காதீர்கள். வவுச்சருக்கு, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண்ணை மறைத்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும். முடிந்தால் நண்பரிடம் பில்லைக் கேளுங்கள். கடையில் தொங்கும் கார்டுக்குத் தானாக மதிப்பு இல்லை, பில் போடும்போது கணினியில் உயிர் பெறுகிறது. அந்தப் பதிவோடுதான் உங்கள் மனுவை நாங்கள் ஒப்பிடுவோம். கார்டு எண், உயிர் பெற்ற தேதி, மீதித் தொகை மூன்றும் பொருந்தினால் வேலை சுலபமாக முடியும். பில் இல்லாவிட்டாலும் எண் இருந்தால் தேடிவிடலாம். எண் அழிந்துபோன கார்டுக்கு வழியில்லை.

மனு போட ஒரு கடைசித் தேதி உண்டு, அது பொது அறிவிப்பில் வரும். எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் வராது, ஏனென்றால் வவுச்சர் யார் கையில் இருக்கிறது என்பதே கடைக்குத் தெரியாது. அமெரிக்காவில் பார்டர்ஸ் புத்தகக் கடை 2011-ல் மூடியபோது, தேதி தாண்டி வந்த கிஃப்ட் கார்டுக்காரர்கள் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். பங்கீட்டுத் திட்டம் நிறைவேறிவிட்டது, இனி அதைக் கலைக்க முடியாது என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. எனவே கடையின் பெயரோடு திவால் பொறுப்பாளரின் இணையப் பக்கத்தைத் தேடி, வாரம் ஒரு முறை பாருங்கள்.

இந்தச் சமயம் பார்த்து மோசடிக்காரர்களும் வருவார்கள். "உங்கள் வாலட் பணம் திரும்பக் கிடைக்க இவ்வளவு கட்டணம்" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். சாதாரண வாடிக்கையாளரின் மனுவை ஏற்க எங்களைப் போன்றவர்கள் போனில் கட்டணம் கேட்பதில்லை, ஓடிபி கேட்பதும் இல்லை. கேட்பது கார்டு எண், ஆதாரம், பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யும் வரிசை இது. இன்று இரவே வாலட்டில் கேஷ்பேக்கைச் செலவழித்து, மீதியை வங்கிக்கு மாற்றுவேன். நாளைக் காலை வவுச்சரின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவேன். கடையில் மறுத்தால் நண்பருக்குப் போன் செய்து, கார்டில் வாங்கினாரா என்று கேட்பேன். அதுவும் இல்லையென்றால் மனுவைப் போட்டு வைப்பேன். ஆன்லைனில் பத்து நிமிட வேலை, 80 வந்தாலும் வரட்டும். ஆனால் அதற்காக வக்கீல் வைக்க மாட்டேன்.